மதிப்பெண் குறைந்ததை எப்படி எழுதுவது?

பொறியியல் மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு செமஸ்டரில் 7.0. மூன்றாவதில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, மதிப்பெண் 5.2, இரண்டு தாள்களில் அரியர். அடுத்த செமஸ்டரில் இரண்டையும் எழுதித் தேறிவிட்டாள். பிறகு 7.4, 7.9. கிரெடிட்டுகள் சமம் என்றால் மொத்த சராசரி 6.9.

இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தில் அதை 7 என்று எழுதத்தான் கை போகும். எழுதக் கூடாது. சேரும்போது மதிப்பெண் சான்றிதழைக் கேட்பார்கள், அங்கே 6.9தான் இருக்கும்.

படிவத்தில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக வரலாம். இப்போது நிலுவையில் உள்ள அரியர்: இல்லை. முன்பு அரியர் இருந்ததா: ஆம், இரண்டு. பலர் இரண்டாவதுக்கும் ‘இல்லை’ என்று போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

விளக்கத்துக்கு இடம் விண்ணப்பக் கடிதத்தின் கடைசிப் பகுதி. முதலில் செய்த புராஜெக்ட், பிறகு இது:

“மூன்றாம் செமஸ்டரில் குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சைக்காக ஆறு வாரம் வகுப்புக்கு வர இயலவில்லை. இரண்டு தாள்களில் தவறி, அடுத்த செமஸ்டரில் தேர்ச்சி பெற்றேன். கடைசி இரண்டு செமஸ்டர்களில் 7.4, 7.9 எடுத்துள்ளேன்.”

நடந்தது, சரிசெய்தது, இன்றைய நிலை. நோயின் பெயர் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஓராண்டு இடைவெளிக்கும் இதே வரிசைதான். மாதங்களைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

குறைந்தபட்சம் 7.0 என்று கறாராகக் கேட்கும் இடத்தில் இந்த விளக்கம் உதவாது. அந்த நேரத்தை 6.5 கேட்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கச் செலவிடுங்கள்.