கை அறிந்த பிறகே கண்

கீபோர்டு வகுப்பில் சேர்ந்து மூன்று மாதமான ஒரு சிறுமியிடம், "இந்தக் குவேவர் எத்தனை பீட்?" என்று கேட்டேன். "அரை பீட், மிஸ்" என்றாள் உடனே. "அப்போ இந்த வரியைத் தட்டிக் காட்டும்மா" என்றேன். கிராட்செட், குவேவர் எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் தட்டிக்கொண்டே போனாள். கணக்கு அவளுக்கு மனப்பாடம். அந்த அரை பீட் எவ்வளவு நேரம் என்பதைத்தான் அவள் கை அறியவில்லை.

மேற்கத்திய இசையின் தாளக் குறிகளை எண்ணாகச் சொல்லிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகிறது. இதற்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர் ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் (1882–1967). அவரும் அவரைப் பின்பற்றிய ஆசிரியர்களும் வளர்த்த முறையில், ஒலி முதலில், குறி பிறகு. ஒரு பீட் நீளும் கிராட்செட்டுக்கு 'டா', ஒரு பீட்டுக்குள் அடங்கும் இரண்டு குவேவர்களுக்கு 'டிடி'. இந்தச் சொற்களின் மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸ். கோடாய் பிறந்த கெச்கெமேட் ஊரில் 1950இல் தொடங்கிய பாடல் பள்ளி, இந்த வழியில் நடந்த முதல் பள்ளிகளில் ஒன்று.

முதல் வகுப்பில் காகிதமே கிடையாது. பிள்ளைகள் வட்டமாக நடக்கிறார்கள், ஏறக்குறைய நிமிடத்துக்கு 72 அடி. நடையை நிறுத்தாமல் கையால் சொற்களைத் தட்ட வேண்டும்: "பால், தோசை, பால், பால்." பால் ஒரு தட்டு, தோசை இரண்டு தட்டு, இரண்டுமே ஒரு அடிக்குள். காலில் இருப்பது பீட், கையில் விழுவது அதன் மேல் ஓடும் தாளக்கட்டு. இந்த இரண்டும் வேறு வேறு என்பது உடம்பில் ஏறாவிட்டால், பிறகு எத்தனை பாடப்புத்தகம் வாங்கினாலும் வாசிப்பு வராது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் முதலில் "வடை" என்று வைத்துப் பார்த்தேன். குறில் தொடங்கி இழுத்து முடிகிற சொல், அதனால் பிள்ளைகள் வாயில் இரண்டு தட்டும் சமமாக விழவில்லை. குறிலும் நெடிலும் நம் பேச்சில் அவ்வளவு ஆழமாக ஊறியவை. 'தோசை', 'இட்லி' ஓரளவு சமமாக வருகின்றன. ஒரு பீட்டில் நான்கு தட்டு விழ வேண்டிய கட்டத்துக்கு 'தகதிமி'யை விடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நான்கும் குறில்.

கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்கு இங்கே தனிக் குழப்பம் ஒன்று உண்டு. அவர்கள் கை தாளம் போட்டுப் பழகியது, அதாவது பீட்டைப் பிடித்துப் பழகியது. வாய்தான் தாளக்கட்டைப் பாடும். இங்கே அது தலைகீழ். அவர்களுக்குக் கைதட்டலைப் பிறகு கொடுத்து, முதலில் கையால் தொடையில் பீட், வாயில் "டா டிடி" என்று தொடங்குவது நல்லது.

குறி இதன் பிறகு வருகிறது. பலகையில் நான்கு கட்டம் போடுகிறேன், ஒவ்வொன்றும் ஒரு பீட். "பால், தோசை, பால், பால்" தட்டச் சொல்லி, "எந்தக் கட்டத்தில் இரண்டு தட்டு கேட்டது?" என்கிறேன். "ரெண்டாவது" என்கிறார்கள். அதில் இரண்டு நிற்கும் கோடு போட்டு, தலையை ஒரு படுக்கைக் கோட்டால் இணைக்கிறேன். மற்றவற்றில் தனிக் கோடு. வட்டத் தலைகள் பிறகு வரட்டும். ஸ்வரத்துக்கு மேல் கோடு போட்டால் வேகம் இரட்டிக்கும் என்று கர்நாடக ஸ்வரக் குறிப்பில் பார்த்தவர்களுக்கு இந்த இணைப்புக் கோடு உடனே புரிந்துவிடுகிறது.

பிறகு எங்கள் வகுப்பின் பிரியமான விளையாட்டு. பலகையில் ஒரு வரி எழுதியிருக்கும்: "டிடி டா டிடி டா." நான் தட்டுவதை எல்லாரும் திருப்பித் தட்ட வேண்டும், இந்த வரியை மட்டும் தட்டக்கூடாது. நான் "டா டிடி டா டா" தட்டினால் திரும்ப வரும். எழுதியதைத் தட்டினால் அறையே அமைதியாக இருக்க வேண்டும். யாராவது தட்டிவிட்டால் எனக்கு ஒரு புள்ளி. எழுதியதைச் சத்தமின்றி மனதுக்குள் கேட்டு, வெளியே கேட்பதோடு ஒப்பிட்டால்தான் கையை அடக்க முடியும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தட்டுகிறவர் யார், உண்மையில் படிக்கிறவர் யார் என்பது இரண்டு சுற்றில் எனக்குத் தெரிந்துவிடும்.

பயிற்சி வரிகளை அடுக்குவதில் நான் கறாராக இருப்பது ஒன்றில்தான்: ஒரு வரியில் புதிதாக ஒன்றே ஒன்று. "டா டிடி டா டா" நன்றாக வந்தால் "டா டா டிடி டா", அதாவது அதே பொருள், வேறு இடம். பிறகு "டிடி டிடி டா டா." பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். இரண்டு டிடி அடுத்தடுத்து வந்ததும் கை ஓட ஆரம்பித்து, கடைசி இரண்டு டாவும் அந்த வேகத்திலேயே விழும். அப்போது காலைப் பார்க்க வேண்டும். காலும் வேகமாகிவிட்டால் பீட் நிலைக்கவில்லை, நடைக்குத் திரும்ப வேண்டும். கால் சீராக இருந்து கை மட்டும் முந்தினால், குறியைத்தான் தவறாகப் படிக்கிறார். இரண்டுக்கும் மருந்து வேறு. அந்தச் சிறுமியின் கால் சீராகவே இருந்தது. அதனால் அவளுக்கு டிடியை மட்டும் ஒரு வாரம் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி நடந்தபடி. அடுத்த வாரம் அந்த வரியை நிறுத்தாமல் தட்டினாள்.

ஒரு பீட் மௌனத்துக்கான ரெஸ்ட் குறி அடுத்தது. பிள்ளைகள் அதை வெற்றிடமாக நினைத்துத் தாண்டிவிடுவார்கள். உள்ளங்கைகளை வெளியே விரித்துக் காட்டச் சொன்னால், மௌனத்துக்கும் ஒரு செயல் கிடைத்துவிடுகிறது.

இரண்டு பீட் நீளும் மினிம் வரும்போது கைதட்டலின் எல்லை தெரிகிறது. தட்டு ஒரு கணத்தில் முடிந்துவிடும் ஒலி. ஆகவே ஒரு மினிமும், "டா, ரெஸ்ட்" என்பதும் காதுக்கு ஒன்றேதான். கார்வையைக் கையால் காட்ட முடியாது. தட்டிய கைகளைச் சேர்த்தபடியே அடுத்த பீட்டுக்கு முன்னால் நீட்டச் சொல்கிறேன், கூடவே வாயால் "டா-ஆ." குரல் இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தட்டியே கடத்திவிட்டால், பிறகு வயலினிலும் புல்லாங்குழலிலும் நீண்ட ஸ்வரங்களைப் பாதியில் வெட்டுவார்கள்.

கோடாயின் சொற்களுக்கும் ஒரு குறை உண்டு. குவேவர் பீட்டின் தலையில் விழுந்தாலும் நடுவில் விழுந்தாலும் 'டி'தான், எந்த இடம் என்று சொல் காட்டாது. இதைச் சரிசெய்ய 1996இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹாஃப்மன், வில்லியம் பெல்டோ, ஜான் ஒயிட் மூவரும் 'தகதிமி' முறையை முன்வைத்தார்கள். சொற்கள் நம் சொற்கட்டிலிருந்து போனவை. பீட்டின் தலை எப்போதும் 'த', நடு எப்போதும் 'தி.' குவேவர், கிராட்செட், குவேவர் என்று தாளம் தள்ளிப்போகும் இடத்தில், அதை "த தி … தி" என்று சொல்வார்கள். நடுவில் விடுபட்ட 'த' இரண்டாவது பீட்டின் தலை, கிராட்செட் அதற்குள் நீண்டு கிடக்கிறது. ஆனால் கொன்னக்கோல் தெரிந்த பிள்ளையிடம் ஒன்றை எச்சரித்துவிட வேண்டும். நம் தகதிமி விளம்பத்தில் நான்கு எண்ணிக்கை வரை பரவும், இவர்களுடையது என்றுமே ஒரு பீட்டைத் தாண்டாது.

வரி இவ்வளவு பழகிய பிறகு ஒரு அட்டையைக் கையில் எடுக்கிறேன். பிள்ளை முதல் கட்டத்தைத் தட்டத் தொடங்கியதுமே அந்தக் கட்டத்தை மூடிவிடுவேன். மறைந்துபோனதைக் கை தட்டிக்கொண்டிருக்க, கண் அடுத்ததைப் படிக்க வேண்டும். முதல் நாள் எல்லாரும் திணறுவார்கள், அட்டையைக் கொஞ்சம் தாமதமாக நகர்த்துகிறேன். அந்தச் சிறுமிக்கு இப்போது தாமதிப்பதில்லை.