கையோடு வந்த எட்டு முடி

டெங்குக் காய்ச்சல் வந்துபோய் மூன்று மாதமான ஒரு பெண், தோல் மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 34. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எண்ணெயை மாற்றியாயிற்று, ஷாம்புவை மாற்றியாயிற்று. மருத்துவரோ ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவதற்கு முன்னால் முடியைப் பிடித்து இழுக்கிறார்.

இதற்கு 'புல் டெஸ்ட்' என்று பெயர். ஐம்பது, அறுபது முடியைக் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் நடுவே தலையை ஒட்டிப் பிடித்து, நுனிவரை நிதானமாக உருவ வேண்டும். உச்சி, இரண்டு பக்கங்கள், பின்னந்தலை என்று பல இடங்களில் செய்வார்கள். ஆறு முடிக்குமேல் வந்தால்தான் கோளாறு என்பது பழைய கணக்கு. 2017-ல் ஓர் ஆய்வு வெளியான பிறகு, இரண்டுக்கு மேல் வந்தாலே பலர் உஷாராகிறார்கள்.

இந்தப் பெண்ணுக்கு எட்டு முடி வந்தது. எண்ணிக்கையைவிட வேர்தான் முக்கியம். எட்டின் அடியிலும் தீக்குச்சித் தலை மாதிரி சிறிய வெள்ளைக் குமிழ். வளர்ச்சியை முடித்து ஓய்வுக்குப் போன முடி அது. காய்ச்சல், பிரசவம், கடும் பட்டினி போன்ற அதிர்ச்சியில் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும். காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது அடங்கிவிடும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பாதி நோய் தப்பியிருக்கும். விளக்கு பொருத்திய, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் டெர்மாஸ்கோப்பை மருத்துவர் அவரது வகிட்டில் வைத்துப் பார்க்கிறார். இதுதான் டிரைக்காஸ்கோபி, வலி கிடையாது. வகிட்டில் தடித்த முடிகளுக்கு இடையே மெல்லிய முடிகள் நிறையக் கலந்திருக்கின்றன. ஒரு துளையில் இரண்டு மூன்றாக முளைக்க வேண்டியது பல இடங்களில் ஒற்றையாக நிற்கிறது. பின்னந்தலையில் அப்படி இல்லை. பரம்பரையாக வரும் முடி மெலிவின் அடையாளம் இது. காய்ச்சலுக்கு முன்பே தொடங்கியிருந்ததைக் காய்ச்சல் வெளிக்காட்டிவிட்டது. காய்ச்சலால் கொட்டிய முடி தானாகத் திரும்பும். மெலிவுக்கு மினாக்சிடில் போன்ற மருந்தை நீண்ட நாள் போட வேண்டியிருக்கும்.

புழுவெட்டு என்றால் அடியில் ஒடுங்கி நுனியில் தடித்த குட்டை முடிகளும் கரும்புள்ளிகளும் தெரியும். முடித்துளையே மறைந்திருந்தால் தழும்பு நோய். அங்கே முடி திரும்பாது, சிறிது தோலை எடுத்துச் சோதிக்க வேண்டி வரலாம்.

இரண்டு சோதனைக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு கையும் இழுக்கும் வேகம் வேறு. பரம்பரை மெலிவில் இழுத்தால் பெரும்பாலும் முடி வராது; அதனால் நோயில்லை என்று ஆகிவிடாது. காய்ச்சல் உதிர்வுக்கோ டெர்மாஸ்கோப்பில் தனி அடையாளம் கிடையாது.

மருத்துவரிடம் போகும்போது தலையில் எண்ணெயோ, வழுக்கையை மறைக்கும் பவுடரோ வேண்டாம். பவுடர் துகள் கரும்புள்ளிபோல ஏமாற்றும். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், பிரசவம், மாற்றிய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.