‘சரி’ என்று சொன்ன பிறகு

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் லே கோர்ட் என்றொரு இல்லம். 1960களில் அங்கே தங்கியிருந்த மாற்றுத்திறனாளிகள், தங்கள் அன்றாடத்தைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகத்தோடு போராடினார்கள். எத்தனை மணிக்குப் படுப்பது என்பதுகூட அப்போது அவர்கள் கையில் இல்லை. வெளியாள் வந்து பார்த்தால் நியாயம் புரியும் என்று நம்பி, ஆய்வாளர்களை அவர்களே அழைத்தார்கள். எரிக் மில்லரும் ஜெரால்டின் க்வினும் வந்தார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். 1972இல் புத்தகம் வெளிவந்தது. இப்படிப்பட்ட இல்லங்களில் வாழ்பவர்கள் சமூகத்தைப் பொறுத்தவரை ஏற்கெனவே இறந்தவர்கள், உடலுக்கும் சாவு வரும்வரை துணை நிற்பதுதான் இல்லத்தின் வேலை என்றது அது.

அங்கே வாழ்ந்த பால் ஹன்ட் கொதித்துப்போய் ஒரு மறுப்பு எழுதினார். ஆய்வாளர்களை ஒட்டுண்ணிகள் என்றே அழைத்தார். அவர் 1979இல் இறந்தார். கட்டுரை 1981இல்தான் அச்சேறியது. ஆய்வுக்குச் ‘சரி’ சொன்னவர்களிடம், கடைசியில் எழுதப்பட்டது சரிதானா என்றும் கேட்க வேண்டும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 6ஆவது பிரிவில் இதற்கு இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. ஒப்புதல், அந்த நபருக்குப் புரியும் வழியில் பெறப்பட வேண்டும். அதோடு, இதற்கென அரசு அமைக்கும் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிப்பேராவது மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும்.

‘புரியும் வழி’ என்றால் என்ன? பேருந்துப் பயணம் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளைஞர், பக்கத்தில் அவருடைய சிறப்புப் பள்ளி ஆசிரியர். “சம்மதமாப்பா?” என்றால் “சரி” என்பார். ஆசிரியர் எதிரில் அவர் எதற்கும் சரி என்றுதான் சொல்வார். ஆசிரியரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “நான் எதுக்கு வந்தேன்னு வீட்டுல எப்படிச் சொல்லுவ?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். “பஸ் பாஸ் வாங்கித் தர வந்திருக்காங்க” என்று பதில் வந்தால், அந்தச் ‘சரி’ செல்லாது. பாஸ் கிடைக்காது, மறுத்தாலும் எந்த உதவியும் நிற்காது என்று படம் காட்டி, சின்னச் சின்ன வாக்கியங்களில் மறுபடி சொல்ல வேண்டும். பாதிப் பேச்சில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுவதுதான் முறை.

அடுத்தது கேள்வித்தாள். பார்வையற்ற ஒருவரின் வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப் போகிறது. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால், திரை நமக்குத் தமிழாகத் தெரியும். அவருடைய திரைவாசிப்பான் அதை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். யூனிகோடில் இருந்தால்தான் தமிழ் தமிழாகக் கேட்கும். பத்துக் கேள்விகளை இடப்பக்கமும் ‘மிக நன்று’ முதல் ‘மோசம்’ வரை மேலேயும் அடுக்கிய கட்டம் இன்னொரு பொறி. காதால் கேட்பவருக்கு எந்த வட்டம் எந்தக் கேள்விக்கு என்பது குழம்பிவிடும். நிறையப் பேர் ஒரே இடத்தில் படிவத்தைக் கைவிட்டிருந்தால், பெரும்பாலும் கோளாறு படிவத்தில்தான். ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாக வைத்துவிட்டு, அனுப்புவதற்கு முன் திரைவாசிப்பானைத் தினமும் பயன்படுத்தும் ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும்.

சைகைமொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. அவர்களுக்குக் கேள்விகளைச் சைகைமொழிக் காணொலியாகத் தர வேண்டும். அண்ணனோ அக்காவோ மொழிபெயர்த்தால், வீட்டில் நடப்பது பற்றிய கேள்விக்கு உண்மையான பதில் வருவது கடினம்.

முடிவுகளைத் திருப்பித் தருவதற்கான பணத்தையும் நாளையும் ஆய்வின் திட்டத்திலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன்பே, பங்கேற்றவர்களிடம் ஒலிப்பதிவாகவும், காணொலியாகவும், படங்களுடன் எளிய இரண்டு பக்கமாகவும் வரைவு போய்ச் சேர வேண்டும். அப்போதுதான், “எங்க ஊர்ல சக்கர நாற்காலியில போறது நான் ஒருத்திதான், பேர் இல்லாட்டியும் நான்தான்னு தெரிஞ்சிடும்” என்று ஒருவர் எச்சரிக்க முடியும். ஊரின் பெயரை எடுத்துவிடலாம். “நான் சொன்னது இது இல்லையே” என்று யாராவது சொன்னால், அந்த மறுப்பும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

பால் ஹன்ட்டின் மறுப்பு, புத்தகம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் அச்சாக வேண்டியிருந்தது. அது இருந்திருக்க வேண்டிய இடம், அந்தப் புத்தகத்துக்குள்ளேயே.