கூட்டம் நடத்தத் தெரிந்தவருக்கு எத்தனை மதிப்பெண்?

ஆண்டு இறுதியில் மேலாளர்களை மதிப்பிடும் படிவத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘குழுக் கூட்டங்களைத் திறம்பட நடத்துகிறார்.’ எதிரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். மேலாளர் இனிமையாகப் பழகுபவர் என்றால் யோசிக்காமல் நான்கில் டிக் விழும். ஒருவரைப் பற்றிய பொதுவான அபிப்பிராயம் எல்லா மதிப்பெண்களிலும் கலந்துவிடும் என்பதை 1920இலேயே அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் காட்டினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களின் அறிவு, உடற்கட்டு, தலைமைப் பண்பு ஆகியவற்றுக்குப் போட்ட மதிப்பெண்கள் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக ஒன்றோடொன்று ஒத்துப்போயின.

இதற்கான மாற்று 1963இல் வந்தது. ஸ்மித், கெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நேராகக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நடத்தையை எழுதிவைக்கும் முறையை முன்வைத்தார்கள். ‘நன்று’, ‘சுமார்’ என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. கூட்டம் நடத்தும் திறனை நிகழ்ச்சி நிரல், பங்கேற்பு, முடிவு, தொடர்நடவடிக்கை என நான்காகப் பிரித்து இப்படி அளக்கலாம். ஆனால் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். திங்கள்தோறும் காலையில் உற்பத்தி மேலாளர் எட்டுப் பேருடன் ஒரு மணி நேரம் உட்காருகிறார். நான்கு வாரக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் மொத்தம் 20 வேலைகள் பேசப்பட்டிருக்கின்றன. 8 சொன்ன தேதியில் முடிந்தன. 5 தாமதமாக முடிந்தன. மீதி 7 பற்றிப் பிறகு யாரும் கேட்கவே இல்லை. முந்தைய வார வேலைகளை வரிசையாகக் கேட்டுவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குபவருக்கு ஐந்து, நினைவுக்கு வந்ததை மட்டும் கேட்பவருக்கு இரண்டு என்று அளவுகோல் சொன்னால், இவருக்கு இரண்டுதான்.

காணாமல் போன அந்த ஏழும் முடிவெடுக்கும் விதத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஐந்தில் பொறுப்பாளரின் பெயரே இல்லை. ‘சாயம் திட்டுத்திட்டாக வருகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது முடிவு அல்ல. என்ன செய்வது, யார் செய்வது, எப்போதைக்குள் என்ற மூன்றும் இருந்தால்தான் அது முடிவு. இதிலும் இரண்டு.

பங்கேற்பை அளக்கக் கூட்டத்தில் ஒருவர் கடிகாரத்துடன் உட்கார்ந்தார். 60 நிமிடத்தில் மேலாளர் 34, இரண்டு மெர்ச்சண்டைசர்கள் 17, கட்டிங், தையல், தரம் மூன்று பிரிவுக்கும் சேர்த்து 9. பேக்கிங்கும் ஸ்டோரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சம நேரம் பேச வேண்டும் என்பதில்லை. முடிவு யார் தலையில் விழுகிறதோ, அவரிடம் முடிவுக்கு முன்பே கேட்டார்களா என்பதுதான் கேள்வி. ஷிப்மென்ட்டை மூன்று நாள் முன்னதாக அனுப்புவது என்று முடிவானது. அட்டைப்பெட்டிகள் இன்னும் வரவில்லை என்பது பேக்கிங் பொறுப்பாளருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை. ஆக, ஒன்று.

நிகழ்ச்சி நிரலில்தான் பலர் ஏமாறுவார்கள். முந்தைய நாள் மாலையே எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார் என்பதால் ஐந்து போடத் தோன்றும். ஆனால் அதில் இருப்பவை ‘உற்பத்தி’, ‘தரம்’, ‘இதர’ என்ற தலைப்புகள். ‘திட்டு விழுந்த துணிக்கு மறுசாயமா, புதுத் துணியா?’ என்று கேள்வியாக எழுதியிருந்தால் சாயப்பட்டறையிடம் விசாரித்துவிட்டு வந்திருப்பார்கள். மூன்று தரலாம்.

மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, சராசரி இரண்டு. இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் வழி தெரியும். ஷிப்மென்ட் முடிவு பேக்கிங்கைக் கேட்காததால் கெட்டது. கேட்காமல் விட்டதற்கு ஒரு காரணம், அந்தக் கேள்வி நிரலிலேயே இல்லாதது. எனவே அவர் முதலில் திருத்த வேண்டியது நிரலை எழுதும் விதத்தை.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. ஒரே கூட்டத்தைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. மேலாளர் தனக்குத் தானே போடும் மதிப்பெண்ணையும் அப்படியே ஏற்க முடியாது. நிறையப் பேசியவருக்குக் கூட்டம் நன்றாக நடந்ததாகவே தோன்றும். நூல் வராததாலோ மின்தடையாலோ நின்றுபோன வேலையை அவர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் சிலர் எளிய வேலைகளாகவே எழுதத் தொடங்குவார்கள்: ‘மின்னஞ்சல் அனுப்புவது’, ‘நினைவூட்டுவது’. 20க்கு 20 முடிந்திருக்கும். அப்போது குறிப்பேட்டின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். வேலையெல்லாம் முடிந்தும் அதே சாயப் பிரச்சினை நான்கு வாரமும் பேசப்பட்டிருந்தால், தொடர்நடவடிக்கைக்கு இரண்டுக்கு மேல் போடாதீர்கள்.