நிலத்தில் படாத குதிக்கால்

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் உம்மும்மாவுக்கு மீன் ஆயக் கூடமாட உதவி செய்யலாம் என்று கிணற்றடிக்குப் போனேன். அவருக்கு வயது 71. இரண்டு பாதங்களும் முழுதாக நிலத்தில் படக் குந்தியிருந்து, அவசரமில்லாமல் செதில் உரசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்திய எனக்கு ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. குதிக்கால்கள் இரண்டும் மேலே எழும்ப, முன்விரல்களில் தள்ளாடி, பின்னால் சாய்ந்து கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“மகள், உன்ட குதி நிலத்துல படல்லயே. அதான் விழுற” என்றார் உம்மும்மா.

வலைப்பந்தாட்டப் பயிற்சியில் குந்தி எழும்பச் சொல்லும்போதெல்லாம் “இன்னும் கீழே போ, முதுகை நிமிர்த்து” என்று ஏச்சு வாங்குபவள் நான். என் தொடையில் பலமில்லை என்றுதான் பயிற்சி தந்தவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அதனால் இன்னும் அதிகமாகக் குந்தி எழும்பி, கடைசியில் வலது முழங்கால் நோவோடு வீட்டுக்கு வந்ததுதான் மிச்சம். நீண்ட காற்சட்டைக்கு உள்ளே கணுக்கால் என்ன செய்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படிக்கும் சாச்சியின் மகள் அந்த விடுமுறைக்கு வந்திருந்தார். கிணற்றடிக் கதையைக் கேட்ட ராத்தா முதலில் என்னை மேசையைப் பிடித்துக்கொண்டு குந்தச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு அங்குலத் தடிப்பில் இரண்டு புத்தகங்களை எடுத்து இரு குதிக்கால்களுக்கும் கீழே வைத்து, மறுபடியும் குந்தச் சொன்னார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதுகு நிமிர்ந்தபடி அடிவரை போய்விட்டேன்.

“பலம் இல்லாட்டி புத்தகம் வச்சதும் வந்திருக்குமா? உனக்குக் கணுக்கால்தான் மடியல்ல” என்றார் ராத்தா. புத்தகம் வைத்தும் மாற்றமில்லை என்றால் இடுப்பையோ வேறு எதையோதான் பார்க்க வேண்டுமாம்.

காரணம் எளிது. குந்தும்போது இடுப்பு பின்னால் போகிறது. உடலின் பாரம் பாதத்தின் மேலேயே நிற்க வேண்டுமானால், அதற்கு ஈடாக முழங்கால் முன்னால் போக வேண்டும். அதாவது, பாதம் அசையாமல் இருக்க, கெண்டைக்கால் அதன் மேல் முன்னோக்கிச் சாய வேண்டும். அந்தச் சாய்வு கணுக்காலில் பாதியிலேயே நின்றுவிட்டால் உடல் வேறு வழி தேடும். குதிக்கால் எழும்பும், அல்லது முதுகு முன்னால் கவிழும், அல்லது உள்ளங்கால் வளைவு தட்டையாகி முழங்கால் உட்பக்கம் சரியும். இவை ஒன்றுக்கும் வழியில்லாவிட்டால் பின்னால் விழுவோம். என்னில் முதல் மூன்றும் கலந்திருந்தன. வலது முழங்கால் உள்ளே சரிவதை ராத்தா காட்டிய பிறகுதான் நானே கண்ணாடியில் கண்டேன்.

அடுத்து அளந்து பார்த்தோம். தேவைப்பட்டவை ஒரு சுவரும் ஓர் அடிமட்டமும் மட்டுமே. வெறுங்காலோடு சுவரை நோக்கி நின்று, ஒரு பாதத்தை நேராக முன்னால் வைக்க வேண்டும். குதிக்காலை எழுப்பாமல் அந்தக் காலின் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பாதத்தைச் சற்றுப் பின்னால் நகர்த்தி மீண்டும் முயல வேண்டும். குதிக்கால் எழும்பாமல் கடைசியாகத் தொட முடிந்த இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரம்தான் அளவு. எனக்கு இடது காலில் 10 சென்ரிமீற்றர், வலது காலில் 5½. ஏறத்தாழ 10 இருந்தால் அநேகமாகப் போதும் என்றும், இரண்டு கால்களுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது என்றும் ராத்தா சொன்னார்.

வலது கால் எனக்கு உடனே பிடிபட்டது. பத்தாம் தரத்தில் வலைப்பந்து விளையாடும்போது சுளுக்கிய கால் அது. எண்ணெய் பூசிக் கட்டி வைத்தோம், வீக்கம் வற்றியது, மறந்துவிட்டோம். வீக்கம் வற்றினாலும் மடியும் அளவு தானாகத் திரும்பி வருவதில்லை என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

பயிற்சியும் அதே சுவரில்தான். அளந்த இடத்திலேயே பாதத்தை வைத்து, முழங்காலை மெதுவாகச் சுவருக்குக் கொண்டுபோய், இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, திரும்ப வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. சிறிது ஓய்வெடுத்து, மொத்தம் மூன்று சுற்று. வாரத்தில் ஐந்து நாட்கள் செய்தேன். வலதில் மூன்று சுற்று, இடதில் ஒன்று.

காலை நீட்டிச் சுவரைத் தள்ளும் பழைய பயிற்சியை நாங்கள் எல்லோரும் மைதானத்தில் செய்திருக்கிறோம். அது போதாதா என்று கேட்டேன். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் உண்டு. மேலே இருப்பது முழங்காலையும் தாண்டிப் போவதால், முழங்கால் மடிந்ததும் அது தளர்ந்துவிடும். குந்தும்போது இழுத்துப் பிடிப்பது அடியில் இருக்கும் மற்றத் தசை. அதை எட்ட வேண்டுமானால் முழங்காலை மடித்துத்தான் செய்ய வேண்டும்.

முதல் வாரத்தில் நான் நன்றாகவே ஏமாற்றினேன், எனக்குத் தெரியாமலே. மூன்றே நாளில் 8 வந்துவிட்டது என்று துள்ளினேன். ராத்தா தொலைபேசியில், குதிக்காலுக்கு அடியில் ஒரு கடதாசித் துண்டை வைத்து, முழங்கால் சுவரில் இருக்கும்போது தங்கச்சியை இழுத்துப் பார்க்கச் சொன்னார். கடதாசி சுகமாகக் கையோடு வந்தது! மயிரிழை அளவு குதி எழும்பியிருக்கிறது. இன்னொரு ஏமாற்று, முழங்காலைப் பெருவிரலுக்கு உட்பக்கமாகச் சரிப்பது. அப்போது மடிவது கணுக்கால் அல்ல, உள்ளங்கால் வளைவு. முழங்கால் இரண்டாம், மூன்றாம் விரல்களுக்கு நேரே போக வேண்டும். இரண்டையும் திருத்தியதும் 8 மீண்டும் 6 ஆனது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மையான அளவு.

எங்கே இழுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எனக்குக் குதிக்காலுக்கு மேலே, பின்பக்கத்தில் இழுத்தது. அது தசை, பயமில்லை. என்னோடு செய்துபார்த்த தோழி ஒருத்திக்குக் கணுக்காலின் முன்பக்கத்தில் நசிப்பது போலக் குத்தியது. அது மூட்டிலேயே ஏதோ தடுப்பதன் அடையாளம். அதை அழுத்தித் தள்ளினால் நோவுதான் கூடும். அவளை நிறுத்தச் சொன்ன ராத்தா, வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவில் காட்டும்படி சொன்னார். புதிதாகச் சுளுக்கி வீங்கிய காலிலும் இதைச் செய்யக் கூடாது.

பயிற்சி முடிந்த கையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதங்களைச் சற்று அகலமாகவும் விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் வைத்து, அரை நிமிடம் குந்தியிருப்பேன். சுவரில் கிடைத்த இளக்கம் அன்றைக்கே பாதி மறைந்துவிடும். அதை உடனே குந்துவதில் பயன்படுத்தினால்தான் மெல்ல மெல்ல நிலைக்குமாம்.

ஆறு வாரத்தில், கடதாசிச் சோதனையோடு, வலது கால் 8½. கம்பியைப் பிடிக்காமல் குந்த முடிகிறது. முழங்கால் உள்ளே சரிவது குறைந்தது, குந்தி எழும்பும்போது வந்த நோவும் குறைந்தது. கடந்த மூன்று வாரமாக அளவு அசையவில்லை. எல்லோருடைய எலும்பும் ஒரே மாதிரியில்லை, சிலருக்கு ஓர் எல்லைக்கு மேல் மடியாது என்கிறார் ராத்தா. பாரந்தூக்கும் வீரர்களின் சப்பாத்துக்குக்கூடக் குதியை உயர்த்தித்தான் செய்கிறார்களாம். அதனால் பயிற்சியில் நீண்ட நேரம் குந்த வேண்டிய நாட்களில் வலது குதிக்கு ஒரு மெல்லிய பலகைத் துண்டு வைத்துக்கொள்கிறேன். இப்போது “இன்னும் கீழே” என்று யாரும் ஏசுவதில்லை. பலகை எதற்கு என்றுதான் கேட்கிறார்கள்.