மாமியார் பேரை விட்டோம்... மூணு மாசம் போச்சு!

தோழிகளே, என் தங்கை வீட்டுக்காரர் மத்திய அரசு வேலையில் 2003-ல் சேர்ந்தவர். சர்வீஸில் இருக்கும்போதே 2023-ல் மாரடைப்பில் போய்விட்டார். தங்கைக்கு எட்டாவது, ஐந்தாவது படிக்கிற இரண்டு பிள்ளைகள். காரியம் முடிந்ததும் அலுவலகத்துக்குப் போனோம். சர்வீஸ் ரிஜிஸ்டரில் நாமினி பத்திரமே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் எழுதித் தர மறந்திருக்கிறார். "தாசில்தார் கொடுக்கிற வாரிசு சான்றிதழ் கொண்டு வாங்க" என்றார்கள்.

அங்கிருந்த ஒரு பெரியவர் நல்ல வார்த்தை ஒன்று சொன்னார். "எல்லாத்துக்கும் வாரிசு சான்றிதழ் வரட்டும்னு உக்காந்திடாதீங்கம்மா. குடும்ப ஓய்வூதியம் மனைவிக்குச் சேர வேண்டியது. இறப்புச் சான்றிதழ், போட்டோ, பேங்க் பாஸ்புக் வெச்சு அதுக்கு இன்னிக்கே மனு குடுங்க." அந்தப் பென்ஷன்தான் பின்னால் வந்த மாதங்களில் அடுப்பை எரிய வைத்தது.

இறப்புச் சான்றிதழ் எடுக்கும்போதே ஒரு விஷயம் தெரிந்தது. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அவர் தர்மபுரி ஆஸ்பத்திரியில் இறந்ததால், எங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் பதிவு இல்லை. ஆனால் வாரிசு சான்றிதழுக்கு அவர் குடியிருந்த தாலுகாவில்தான் மனு போட வேண்டும். மொரப்பூருக்கு அது அரூர்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனு போட்டோம். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், தங்கை கையெழுத்துப் போட்ட உறுதிமொழி ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். வாரிசுகள் என்று தங்கை, இரண்டு பிள்ளைகள் பேரை மட்டும் எழுதினோம். ரேஷன் கார்டில் இருப்பது அவர்கள்தானே! மனு வி.ஏ.ஓ.விடம் போய், அப்புறம் ஆர்.ஐ.யிடம் வந்தது. அவர் தெருவில் நாலு பேரை விசாரித்துவிட்டு தங்கையிடம் கேட்டார்:

"ஏம்மா, இவரைப் பெத்தவங்க இருக்காங்களா?"

"அப்பா தவறிட்டாருங்க. அம்மா இருக்காங்க. கம்பைநல்லூர்ல சின்ன பையன் வீட்டுல."

"அப்போ அவங்களும் வாரிசுதான். அவங்க பேரில்லாம எப்படிக் குடுக்கறது?"

மனு தள்ளுபடியானது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பனார் இருந்தாலும் அவர் அடுத்த வகுப்புதான். இது எங்களில் யாருக்கும் தெரியாது. திரும்பக் கட்டணம், திரும்ப விசாரணை. அதைவிட, மாமியார் கேட்ட கேள்விதான் சுட்டது: "பெத்தவ செத்துட்டான்னு எழுதிட்டீங்களா கண்ணு?" தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டாவது மனுவில் இன்னொரு சிக்கல். மாமியார் பேர் ஆதாரில் ஒரு மாதிரி, ஓட்டர் கார்டில் வேறு மாதிரி. ஆதாரில் திருத்தி வாங்கியதில் இன்னும் மூன்று வாரம். அதற்குப் பிறகுதான் துணை தாசில்தார் பார்த்து, தாசில்தார் ஒப்புதல் கொடுத்தார். மொபைலுக்கு மெசேஜ் வந்ததும் சான்றிதழைப் பிரிண்ட் எடுத்தோம்.

"மாமியார் பேரைச் சேர்த்தால் பணத்தில் பங்கு போய்விடுமே" என்று சொந்தக்காரர் ஒருவர் முன்பே காதில் ஓதியிருந்தார். அது தப்பு. வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும், பங்கு பிரிக்காது. ஒவ்வொரு பணத்துக்கும் தனித்தனி விதி. மத்திய அரசுப் பணிக்கொடையில் நாமினி இல்லையென்றால் மனைவி, மகன்கள், மணமாகாத மகள்களுக்குச் சமபங்கு. அவர்கள் யாரும் இல்லாவிட்டால்தான் தாய்க்கு வரும். அதனால் பணிக்கொடை மூன்று பங்காக வந்தது. பிள்ளைகள் பங்கைத் தாய் என்ற முறையில் தங்கையே வாங்கினாள். ஆனால் நாமினி இல்லாத பேங்க் சேமிப்பு வாரிசுரிமைச் சட்டப்படிதான் பிரியும். அதில் மாமியாருக்கும் சரிசமமாக ஒரு பங்கு உண்டு. கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் சண்டை இல்லாததால் தாசில்தாரோடு முடிந்தது. யாராவது ஆட்சேபணை கொடுத்தாலோ, இரண்டாவது மனைவி என்று ஒருவர் வந்தாலோ தாசில்தார் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அங்கே வாங்குவது வேறு சான்றிதழ். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன்படி கோர்ட் கொடுக்கிற வாரிசுரிமைச் சான்று. எல்லோருக்கும் நோட்டீஸ் போக வேண்டும், பணத்துக்கு ஏற்றபடி கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், மாதங்கள் இழுக்கும்.

மனு எழுதும்போது ரேஷன் கார்டைப் பார்த்து எழுதாதீர்கள். இறந்தவரின் மனைவி, பிள்ளைகள் (கட்டிக்கொடுத்த மகளும்தான்), பெற்ற தாய் என்று விரல் விட்டு எண்ணி எழுதுங்கள். அப்புறம், என் வீட்டுக்காரரை அவர் ஆபீஸில் நாமினி பேரைப் பார்த்து வரச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன் எழுதிய பேரே இருந்ததாம். மறுநாளே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

- ஒரு வாசகி, மொரப்பூர்