வெண்குழியம் குருதிக் குழாயை விட்டு வெளியேறுவது எவ்வாறு?

விரலில் சிராம்பு ஏறினால் மறுநாள் அவ்விடம் சிவந்து வீங்குகின்றது. சில நாட்களில் சீழ் கட்டவும் கூடும். சீழ் என்பது பெரும்பாலும் பற்றீரியாக்களோடு போரிட்டு மடிந்த வெண்குழியங்களின் திரளாகும். வெண்குழியங்களோ குருதியோடு விரைந்து ஓடுபவை. அவை குறித்த இடத்தில் நின்று, குழாயின் சுவரைக் கடந்து வெளியே வருவது எவ்வாறு?

இது பெரும்பாலும் மயிர்த்துளைக் குழாய்களை அடுத்துள்ள மிகச் சிறிய நாளங்களிலேயே நிகழ்கின்றது. காயமுற்ற இடத்திற் சுரக்கும் இரசாயனப் பொருள்கள் நாளத்தின் உட்சுவர்க் கலங்களைத் தூண்ட, அவை செலெக்ரின் என்னும் புரதங்களைத் தம் மேற்பரப்பிற்குக் கொணர்கின்றன. ஒரு வகைச் செலெக்ரின் முன்னரே சேமிக்கப்பட்டிருப்பதால் சில நிமிடங்களில் வெளிப்படும். இன்னொரு வகை புதிதாக ஆக்கப்படுவதால் சில மணி நேரம் செல்லும். இவை வெண்குழியத்தின் மேலுள்ள வெல்லக் கூறுகளைப் பற்றுகின்றன. ஆயினும் இப்பிடி நொடிப்பொழுதில் அறுந்துவிடும். பின்னால் ஒரு பிடி அற, முன்னால் மற்றொன்று உண்டாக, குருதியோட்டம் தள்ளும் வெண்குழியம் சுவரோரமாக மெல்ல உருள்கின்றது. செலெக்ரினின் பணி வேகத்தைத் தணிப்பதேயன்றி நிறுத்துவதன்று.

நிறுத்துவது இன்ரெகிரின். இப்புரதம் வெண்குழியத்தின் மீதே உண்டு. எனினும் வழமையாக மடங்கியே கிடக்கும். இல்லையேல் வெண்குழியங்கள் கண்ட இடமெங்கும் ஒட்டிக்கொள்ளுமல்லவா? உருளும் குழியம், சுவரிற் பதிந்துள்ள கெமோக்கைன் என்னும் சைகைப் பொருளை உணர்ந்ததும் இன்ரெகிரின் நிமிர்ந்து சுவர்க் கலத்தின் புரதமொன்றை இறுகப் பற்றும். குழியம் நின்றுவிடும். பின்னர் தட்டையாகி, ஊர்ந்து, பெரும்பாலும் இரு சுவர்க் கலங்களுக்கு இடைப்பட்ட பொருத்தினூடாக நெருக்கிக்கொண்டு வெளியேறும்.

இவ்விரு பணிகளும் வெவ்வேறானவை என்பதை அரிய பரம்பரை நோய்கள் இரண்டு காட்டுகின்றன. முதலாவதில், இன்ரெகிரினின் ஒரு பகுதியை ஆக்கும் பரம்பரையலகு பழுதுற்றுள்ளது. வெண்குழியங்கள் உருளும், ஆனால் நிற்கமாட்டா. பிறந்த குழந்தையின் தொப்புட்கொடி வழமையாக ஓரிரு வாரங்களில் விழுந்துவிடும். இந்நோயிலோ ஒரு மாதம் கடந்தும் விழாதிருக்கலாம். தொற்று ஏற்பட்ட புண்ணிலும் சீழ் கட்டாது. குருதியைச் சோதித்தாலோ வெண்குழியங்கள் மிகுந்து காணப்படும். சுகதேகியின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருப்பவை, தொற்றின்போது இங்கு ஓர் இலட்சத்தையும் தாண்டலாம். படை பெருகியும் களத்தை அடையவில்லை என்பதே இதன் பொருள். கொடி விழத் தாமதிப்பது மட்டும் இந்நோய்க்குச் சான்றாகாது. குருதிச் சோதனையே அதனை உறுதிப்படுத்தும். கடுமையான நிலையில் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை கைகொடுக்கின்றது.

1992இல் விவரிக்கப்பட்ட இரண்டாவது நோயில் இன்ரெகிரினுக்குக் குறையில்லை. செலெக்ரின் பற்றவேண்டிய வெல்லக் கூறே குறைபாடுடையது. ஆகவே குழியம் உருளவே இயலாது. உருளாத குழியம் ஓட்டத்தின் வேகத்தில் அடித்துச் செல்லப்படுவதால், நல்ல இன்ரெகிரினும் அதனை நிறுத்த முடிவதில்லை.